சத்தம் அடங்கும்வரை

முறுக்குச் சுடுகிற வீடுகளில் ஒரு வாக்கியம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது: "சத்தம் அடங்கினதும் எடு." தேன்குழலுக்கு இது கட்டாயம். மற்ற முறுக்குகளை நிறம் பார்த்து எடுத்துவிடலாம். தேன்குழல் வெள்ளையாகவே வெந்து வெள்ளையாகவே வெளியே வர வேண்டும். சிவந்துவிட்டால் நேரம் தப்பிவிட்டது என்று அர்த்தம். அதனால் கண்ணுக்கு அங்கே அதிக வேலை இல்லை. எண்ணெயின் சலசலப்பு எப்போது ஓய்கிறது என்று காதுதான் சொல்ல வேண்டும்.

ஒரு வார்த்தைகூடப் பேசாமல், திரையில் வரும் எழுத்தையும் அடுப்படிச் சத்தத்தையும் மட்டும் வைத்துச் சொல்லப்படும் சமையல் வீடியோக்கள் இப்போது ஏராளம். அவற்றில் எது தேறும், எது தேறாது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தேன்குழல்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு வீடியோவைப் பார்த்து ஒருவர் தேன்குழலைச் சரியான நேரத்தில் எடுக்க முடிந்தால் அந்த முறை வேலை செய்கிறது. முடியாவிட்டால் அது பார்க்க அழகான படம், அவ்வளவே.

பேச்சை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பதை முதலில் பார்ப்போம். பேசிக்கொண்டே சமைப்பவரின் வீடியோவில் வேலை இயல்பாகப் பிரிந்துவிடுகிறது. கண் கையைப் பார்க்கிறது, காது சொல்லைக் கேட்கிறது. "அடுப்பை இப்பக் கொறைச்சுக்கோங்க" என்று அவர் சொல்லும்போது நாம் வாணலியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தச் சொல் எழுத்தாக மாறித் திரைக்கு வந்ததும் இரண்டு வேலையும் கண்ணின் தலையில் விழுகிறது. எழுத்தைப் படித்தால் கை தவறிப்போகும். கையைப் பார்த்தால் எழுத்து போய்விடும். காது சும்மா இருக்கிறது. பலர் அந்தச் சும்மா இருக்கும் காதுக்கு ஒரு கிதார் இசையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. கண்ணுக்குச் சுமை கூடிய இடத்தில் பாதியையாவது காது வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வகை வீடியோவின் நுட்பம் முழுக்க அந்தப் பாகப்பிரிவினையில்தான் இருக்கிறது.

இந்த வடிவத்துக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் நேர் எதிரானவை. முதலாவது, யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் பிறந்தது. 2013, 2014 வாக்கில் ஃபேஸ்புக்கில் வீடியோக்கள் ஒலியில்லாமல் தானாக ஓடத் தொடங்கின. பேருந்திலும் அலுவலகத்திலும் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் ஒலியைத் திறப்பது அரிது. பஸ்ஃபீட் நிறுவனம் 2015-ல் தொடங்கிய 'டேஸ்டி' அந்தச் சூழலுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. மேலிருந்து நேர்க்குத்தாகப் பார்க்கும் கேமரா, முகமில்லாத இரண்டு கைகள், வேகமாக ஓடும் காட்சி, பெரிய எழுத்தில் பொருளின் பெயர். அங்கே ஒலி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

இரண்டாவது, எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள் என்பதால் பிறந்தது. மெல்லிய உரசல், நறுக்கும் சத்தம், கிசுகிசுப்பு போன்றவை சிலருக்கு உச்சந்தலையில் கூச்சம் போன்ற ஓர் இதத்தைத் தருகின்றன. அதற்கு ஏ.எஸ்.எம்.ஆர். என்ற பெயரை அமெரிக்கரான ஜெனிஃபர் ஆலன் 2010-ல் வைத்தார். அந்த ரசனை சமையலறைக்குள் வந்தபோது பேச்சும் இசையும் இடைஞ்சலாயின. ஜப்பானின் ரியோயா தகாஷிமா தன் 'பீஸ்ஃபுல் குஸீன்' சேனலில் இசையில்லாத பதிப்புகளையே தனியாக வெளியிட்டார். சீனாவின் சிச்சுவான் மாகாணத்து லி ஸிச்சி பேசுவது மிகக் குறைவு. மூங்கில் பிளக்கிற சத்தமும் விறகு எரிகிற சத்தமும்தான் அவருக்குக் கதை சொல்லிகள். அஜர்பைஜானின் 'கன்ட்ரி லைஃப் விலாக்' மலைக்கிராமத்து வீட்டில் இதையே செய்கிறது. சமையல் அல்லாத இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜான் பிளான்ட் 2015-ல் தொடங்கிய 'பிரிமிட்டிவ் டெக்னாலஜி'யில் அவர் வாய் திறப்பதே இல்லை. விளக்கமெல்லாம் வசன வரிகளில் இருக்கிறது. வேண்டுபவர் அதைத் திறந்து படிக்கலாம், வேண்டாதவர் மண் பிசைகிற சத்தத்தோடு நின்றுவிடலாம். எழுத்தைப் பார்ப்பவரின் விருப்பத்துக்கு விட்ட அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது.

இன்று தமிழில் வரும் பேச்சில்லா வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலந்து, இரண்டிலும் உள்ள பலவீனத்தை எடுத்துக்கொண்டவையாகவே எனக்குப் படுகின்றன. டேஸ்டியின் வேகம் இருக்கிறது, ஆனால் எழுத்து தெளிவாக இல்லை. அடுப்படிச் சத்தம் இருக்கிறது, ஆனால் மேலே இசை ஓடுகிறது.

சத்தத்துக்கு என்ன தெரியும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

எண்ணெயில் எழும் சலசலப்பு எண்ணெயுடையது அல்ல, தண்ணீருடையது. மாவிலிருக்கும் ஈரம் சூடான எண்ணெயில் பட்டதும் ஆவியாகிக் குமிழாக மேலேறி வெடிக்கிறது. ஆயிரக்கணக்கான குமிழ்கள் ஒரே நேரத்தில் வெடிப்பதைத்தான் நாம் ஒரே சத்தமாகக் கேட்கிறோம். ஆகவே சலசலப்பின் அளவு, மாவிலிருந்து ஈரம் வெளியேறும் வேகத்தின் அளவு. தேன்குழலைப் பிழிந்த உடனே ஈரம் கொட்டுகிறது, சத்தம் 'சோ' என்று மழை போல எழுகிறது. உள்ளே ஈரம் குறையக் குறையக் குமிழ்கள் சிறுத்து, எண்ணிக்கையும் குறைந்து, சத்தம் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிகிறது. கடைசியில் நுரையும் அடங்கி ஏறக்குறைய அமைதி. 'சத்தம் அடங்கியது' என்றால் 'ஈரம் போய்விட்டது' என்று அர்த்தம். ஈரம் போனால்தான் மொறுமொறுப்பு. பெரியவர்களுக்கு இந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அளவுகோல் அவர்களிடம் சரியாக இருந்தது.

கடுகும் அப்படித்தான். விதைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி ஓட்டைப் பிளப்பதுதான் வெடிப்பு. முதலில் ஒன்றிரண்டு, பிறகு சடசடவென்று ஒரு கூட்டம், பிறகு மறுபடி ஒன்றிரண்டு. உளுத்தம்பருப்பைப் போட வேண்டிய நேரம் அந்தக் கூட்டம் கலையும்போது. ஊமையாக்கப்பட்ட வீடியோவில் கடுகு என்பது எண்ணெயில் மிதக்கும் கறுப்புப் புள்ளி. வெடித்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் கொதிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அடியில் உருவாகும் குமிழ்கள் மேலே இருக்கும் குளிர்ந்த நீரில் நசுங்கும்போதுதான் பாத்திரம் இரையத் தொடங்குகிறது. முழுக் கொதி வருவதற்குச் சற்று முன்னால் அந்த இரைச்சல் தணியும். பிறகு தளதளவென்று வேறு சத்தம். ஊற்றும் சத்தத்தை மட்டும் கேட்டே வெந்நீரா தண்ணீரா என்று பெரும்பாலானோரால் சொல்லிவிட முடிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் காதுக்கு நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகச் சமையல் தெரியும்.

சாப்பிடும் இடத்திலும் அது தொடர்கிறது. மாசிமிலியானோ சம்பினியும் ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றியது. கடிப்பவரின் காதில் அவர் கடிக்கும் சத்தத்தையே கூட்டியும் குறைத்தும் ஒலிக்கவிட்டார்கள். வறுவல் ஒன்றுதான், சத்தத்தின் உச்ச அலைவரிசைகளைக் கூட்டியபோது அது இன்னும் மொறுமொறுப்பாக, இன்னும் புதிதாக இருப்பதாகக் கடித்தவர்கள் சொன்னார்கள். வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் 2008-ல் இதற்குக் கிடைத்தது. வீடியோ முடிவில் முறுக்கை ஒலிவாங்கிக்கு அருகே ஒடித்துக் காட்டுகிறார்களே, அதன் பலம் இதில் இருக்கிறது. அதன் ஏமாற்றும் இதில்தான் இருக்கிறது. நமத்துப்போன முறுக்குக்கு வேறொரு முறுக்கின் சத்தத்தை ஒட்டிவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். எண்ணெய்ச் சத்தத்தையும் இப்படிக் களஞ்சியத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. வெங்காயம் போட்டாலும் வடை போட்டாலும் ஒரே 'சொய்' வருகிறது, காட்சி மாறினாலும் அதன் ஏற்ற இறக்கம் மாறவில்லை என்றால் சந்தேகப்படலாம். ரசிக்க மட்டும் பார்ப்பவருக்கு இதனால் நட்டமில்லை. பார்த்துச் சமைப்பவருக்கு அது பொய்த் தராசு.

நம் மொழி இந்த விஷயத்தில் ஏற்கெனவே வசதியாக இருக்கிறது. சடசட, சலசல, தளதள, மொறுமொறு என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் இரட்டைக்கிளவி. தொல்காப்பியமே இவற்றுக்கு இலக்கணம் வைத்திருக்கிறது. திரையில் ஒரு சொல் எழுத இடமிருக்கிறது என்றால் 'மிதமான தீயில் வைத்து நன்றாக வேகவிடவும்' என்பதைவிட 'தளதள' எனக்கு மேல். பார்ப்பவர் அந்தச் சொல்லைத் தன் அடுப்பிலிருந்து வரும் சத்தத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள முடியும்.

எழுத்துக்கு வருவோம். சத்தத்துக்குத் தெரியாதது அளவு. 2 கப்பா 3 கப்பா என்று எந்தச் சத்தமும் சொல்லாது. மாவு வறுத்ததா பச்சையா, தண்ணீர் வெந்நீரா, எவ்வளவு நேரம் ஊறியது, அடுப்பு எந்த நிலையில் இருக்கிறது, இவையும் எழுத்தின் வேலை. கண்ணுக்கு நேராகத் தெரிவதை எழுதுவது வீண். வெங்காயம் விழுவதைக் காட்டிக்கொண்டே 'வெங்காயம் சேர்க்கவும்' என்று எழுதுகிறார்கள். அதே திரையில் அந்த வெங்காயம் எத்தனை என்று இருக்காது.

அச்சில் வந்த சமையல் குறிப்புகளின் நடையை அப்படியே திரைக்குக் கொண்டுவருவதும் சிக்கல். 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்த காலத்திலிருந்து நம் குறிப்புகளின் உயிர் வினையெச்சம்: வறுத்து, பொடித்து, சலித்து, கரைத்து, ஊற்றி என்று ஒரே மூச்சில் ஓடும். புத்தகத்தில் அது அழகு. விரலை வைத்துக்கொண்டு திரும்பப் படிக்கலாம். திரையில் வாக்கியம் முடிவதற்குள் காட்சி மாறிவிடும். அங்கே வினையைக் கை செய்துகாட்டுகிறது. எழுத்தில் பெயரும் அளவும் போதும். கை செய்வது பார்க்க ஒன்றுபோலவே இருந்து பொருள் வேறாகும் இடத்தில் மட்டும் வினைச்சொல்லை எழுத வேண்டும். கரண்டியால் கிளறுவது எல்லாவற்றிலும் ஒன்றுதான்; அது வதக்குவதா, சுருள வதக்குவதா, வறுப்பதா என்பது சொல்லில்தான் தெரியும். மாவில் வெண்ணெயைப் பிசிறுவதும் தண்ணீர் விட்டுப் பிசைவதும் கேமராவுக்கு ஏறக்குறைய ஒரே அசைவு. தேன்குழலில் முதலாவதைச் சரியாகச் செய்யாவிட்டால் மாவில் வெண்ணெய் திட்டுத்திட்டாக நின்று, எண்ணெயில் அந்த இடம் மட்டும் பிரிந்துபோகும். அங்கே 'பிசிறவும்' என்ற ஒரே சொல் ஒரு பத்தி விளக்கத்துக்குச் சமம்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற கேள்வியையும் திரை கிளப்பிவிடுகிறது. பேசும் வீடியோவில் யாழ்ப்பாணத்தவர் யாழ்ப்பாணத்தவராகவும் கோவைக்காரர் கோவைக்காரராகவும் இருக்கலாம். எழுத்தில் எல்லோரும் 'சேர்க்கவும்' என்று பாடநூல் ஆகிவிடுகிறார்கள். 'போட்டுக்கோங்க' என்று எழுதினால் சிலருக்கு நெருக்கம், சிலருக்கு உறுத்தல். பெயரும் அளவும் மட்டும் எழுதுவதில் இந்தச் சண்டையிலிருந்து தப்பிக்கிற லாபமும் உண்டு.

எழுத்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதில் மென்பொருளை நம்பாதீர்கள். வசன வரிகளுக்கு 'ஒரு நொடிக்கு இத்தனை எழுத்து' என்று ஓர் அளவு வைத்து எச்சரிக்கும் மென்பொருள்கள் உண்டு. 'கொதிக்கும்' என்ற சொல்லில் நமக்கு 5 எழுத்து. மென்பொருள் மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 10 என்று சொல்லும். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த அளவு இங்கே பொருந்தாது. நான் பின்பற்றுவது எளிய வழி: எழுத்தை வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படிக்க ஆகும் நேரம் அது திரையில் நிற்க வேண்டும். பொருள் விழுவதற்கு முன்பே எழுத்து வந்துவிட வேண்டும், எழுத்து நிற்கும்போது கை சற்று நிற்க வேண்டும். அப்போது கண் படிக்கிறது, காது வாணலியைப் பார்த்துக்கொள்கிறது. செங்குத்தாகப் பிடிக்கும் வீடியோ என்றால் அடிப்பகுதியில் எழுத வேண்டாம்; அங்கே சேனலின் பெயரும் தலைப்பும் வந்து எழுத்தை மூடிவிடும். தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளாக இருந்தால் அது இன்னொரு தலைவலி. என் முதல் முயற்சியில் 'பெருங்காயம்' என்பதன் கொம்பு 'ப'வைத் தாண்டிப் போய் நின்றது. தென்னாசிய எழுத்துக்கான அமைப்பைத் தேடி மாற்றும்வரை அது அப்படியே நின்றது.

அந்த முயற்சியைப் பற்றிச் சொல்கிறேன். திருவாரூர்ப் பக்கம் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் தேன்குழலைப் படம்பிடித்தோம். அவர் போட்ட அளவு: அரிசி மாவு 2 கப், வறுத்து அரைத்த உளுந்து மாவு கால் கப், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, பெருங்காயத்தூள் கால் தேக்கரண்டி. தண்ணீர் 'மாவு கேக்குற அளவு'. அளந்து பார்த்ததில் ஒன்றேகால் கப்புக்குச் சற்றுக் குறைவாக வந்தது. இவற்றில் ஆறு பொருளை எழுத்தாக்குவது சுலபம். ஏழாவதான தண்ணீர்தான் எழுத்துக்குள் அடங்கவில்லை. மாவு பழசா புதிசா என்பதைப் பொறுத்து அது மாறும். கடைசியில் 'தண்ணீர் சுமார் 1¼ கப்' என்று போட்டுவிட்டு, பிசைந்த மாவை விரலால் அழுத்தும் காட்சியை வெட்டாமல் 6 நொடி விட்டோம். விரல் பதிய வேண்டும், மாவு விரலில் ஒட்டக்கூடாது, ஓரம் வெடிக்கக்கூடாது. இதைப் பேச்சில் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் ஒலியைத் திறன்பேசியிலேயே பதிந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால், பிழிந்த நொடியில் இருந்த அதே சத்தம் எடுக்கும்போதும் இருந்தது. அடங்கவே இல்லை. பெரியம்மா ஏதோ தவறாக எடுத்துவிட்டார் என்று நினைக்க முடியாது. முறுக்கு சரியாக இருந்தது. மறுபடி காதில் மாட்டிக் கேட்டபோது ஒன்று பிடிபட்டது: பின்னால் கொல்லையில் கரையும் காகம் தொடக்கத்தில் எங்கோ தொலைவில் இருக்கிறது, போகப்போக நெருங்கி வந்து, கடைசியில் அடுப்பு மேடையில் உட்கார்ந்து கரைவது போலக் கேட்கிறது. காகம் நகரவில்லை. பேச்சுக்கென்று செய்யப்பட்ட தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு, சத்தம் பெரிதாக இருக்கும்போது அமுக்கி, சிறிதாகும்போது தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைக்கப் பார்க்கிறது. எண்ணெய் அடங்க அடங்க அது தூக்கிக்கொண்டே போயிருக்கிறது. கூடவே காகமும் வந்துவிட்டது. தேன்குழலின் ஒரே அடையாளம் எதுவோ அதை அந்தக் கட்டுப்பாடு துடைத்துவிட்டது.

இன்னொரு செயலியில் பதிந்தபோது வேறு விபத்து. அதில் 'இரைச்சல் நீக்கம்' இயங்கிக்கொண்டிருந்தது. சீராகத் தொடர்ந்து வரும் சத்தத்தை இரைச்சல் என்று எடுத்துக்கொள்வது அதன் வேலை. மின்விசிறியும் அதற்கு இரைச்சல், எண்ணெயும் அதற்கு இரைச்சல். சலசலப்பு போய், தண்ணீருக்கடியில் யாரோ முனகுவது போல ஒன்று மட்டும் மிஞ்சியது.

அடுத்த முறை ஒலி அளவைக் கையால் வைக்கிற ஒரு சின்னப் பதிவுக்கருவியைக் கொண்டுபோனேன். தானியங்கி எல்லாவற்றையும் அணைத்து, பிழியும் நொடியின் உச்சச் சத்தத்துக்கு மைனஸ் 12 டெசிபல் வருமாறு அளவை வைத்து, பிறகு தொடவே இல்லை. ஒலிவாங்கியை வாணலிக்கு மேலே பிடித்தால் ஆவியும் எண்ணெயும் படியும். பக்கவாட்டில் ஒன்றரை அடி தள்ளி வைத்தோம். தூரம் பாதியானால் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும் என்பதால், அரையடி நெருங்கினாலும் கொல்லைக் காகத்தைவிட வாணலி எடுப்பாகக் கேட்கும். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்தினோம். பெட்டியை நிறுத்தியதைப் பெரியம்மா ரசிக்கவில்லை. "பால் கெட்டுப்போச்சுன்னா நீதான் வாங்கித் தரணும்" என்றார். தொடக்கத்தில் கேமராவுக்கு முன்னால் ஒரு முறை கைதட்டினேன். பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தத் தட்டல்தான் அடையாளம்.

இப்போது சத்தம் அடங்கியது. ஒரு ஈடு வேக 3 நிமிடம் 40 நொடி ஆனது. அடுத்த சிக்கல் அதுதான்: 3 நிமிடம் 40 நொடி வாணலியை வெறித்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. வெட்டித்தான் ஆக வேண்டும். ஒலியை மெல்லக் கரைத்து ஒட்டினால் சத்தம் 10 நொடியில் அடங்குவது போலத் தோன்றும். பார்ப்பவர் தன் முறுக்கைச் சீக்கிரமே எடுத்துவிடுவார். அப்படி எடுத்த முறுக்கு அன்று மொறுமொறுவென்றிருந்து மறுநாள் டப்பாவில் நமத்துப்போகும். தப்பு எங்கே நடந்தது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால் நான்கு துண்டுகள் எடுத்தேன்: பிழிந்தவுடன், 1 நிமிடத்தில், இரண்டரை நிமிடத்தில், கடைசி 20 நொடி. ஒவ்வொன்றும் வெட்டென்று தெரியும்படி வெட்டி, நடுவில் அரை நொடி மௌனம் விட்டு, மூலையில் நேரத்தை எழுதினேன். மௌனம் வந்தால் காது நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. கடைசித் துண்டை மட்டும் வெட்டவே இல்லை. தனித்தனிப் பொட்டுகளாகச் சத்தம் உதிர்ந்து ஓய்வதை முழுக்கக் கேட்க வேண்டும். அந்த 20 நொடியில் திரையில் எழுத்தே கிடையாது.

நான்கு துண்டுகளின் ஒலி அளவையும் சமப்படுத்தக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொகுப்பவரின் கை தானாகவே அங்கே போகும். கடைசித் துண்டு 'கேட்கவில்லையே' என்று தூக்கிவிட்டால் திறன்பேசி செய்த அதே தவறை நாமே கையால் செய்ததாகிவிடும். வேறொரு வரம்பும் உண்டு. பெரும்பாலானோர் கேட்பது திறன்பேசியின் சிறு ஒலிபெருக்கியில். சலசலப்பும் கடுகும் உச்ச அலைவரிசையில் இருப்பதால் அதில் தப்பித்துவிடும். பானையில் பாயசம் கனமாகக் கொதிக்கிற கட்டைக்குரல் அதில் காணாமல் போகும். ஆகவே பாயசத்தின் பதத்தைச் சத்தத்திடம் ஒப்படைக்க முடியாது. அது எழுத்துக்கும் கரண்டியிலிருந்து வழியும் காட்சிக்கும் உரியது. எந்தப் பலகாரத்தை இந்த வடிவத்தில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை ஓரளவுக்கு ஒலிபெருக்கியே முடிவுசெய்கிறது.

இந்த வடிவம் சிலருக்கு வாசலைத் திறக்கிறது, சிலருக்கு மூடுகிறது. குரலையோ முகத்தையோ பொதுவில் வைக்க விரும்பாத பெண்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு சமைத்துப் படம்பிடிப்பவர்கள், தங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்படுபவர்கள், இவர்களுக்கெல்லாம் இது வசதி. இலங்கையின் 'டிரடிஷனல் மீ' போன்ற கிராமத்துச் சேனல்கள் பேச்சில்லாததாலேயே மொழி தெரியாத நாடுகளுக்கெல்லாம் போகின்றன. காது கேளாதவர்களுக்கும் இது நல்லது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம், பாதிதான் உண்மை. அளவுகள் எழுத்தில் கிடைக்கும். பதமோ சத்தத்தில் இருக்கிறது. பதத்தைச் சத்தத்திடம் ஒப்படைத்த நான், அந்த எழுத்தில்லாத 20 நொடிக்கு மட்டும் வசன வரிக் கோப்பில் 'சலசலப்பு குறைகிறது', 'நுரை அடங்கியது' என்று எழுதி வைத்தேன். வேண்டியவர் திறந்து பார்க்கலாம். ஜான் பிளான்ட்டிடம் பார்த்த ஏற்பாடுதான்.

பார்வையில்லாதவருக்கு நிலைமை இன்னும் மோசம். பேசும் வீடியோவை அவர் கேட்டே சமைத்துவிடுவார். படத்தோடு சேர்த்துப் பதித்த எழுத்தைத் திரைபடிக்கும் கருவியால் வாசிக்க முடியாது. அவருக்கு அந்த வீடியோ வெறும் சத்தம். முழுக் குறிப்பையும் வீடியோவுக்குக் கீழே எழுத்தாகப் போடுவது குறைந்தபட்சக் கடமை. அதையும் பலர் செய்வதில்லை. லண்டனிலும் டொரன்டோவிலும் வளரும் நம் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா பேசும் தமிழ் நன்றாகப் புரியும், தமிழ் படிக்க வராத பிள்ளைகள் பலர். குரலில் சொன்னால் பாட்டி கைப்பக்குவம் அவர்களிடம் போய்ச் சேரும். தமிழ் எழுத்தில் சொன்னால் வாசலோடு நின்றுவிடும். இதற்கு எதிர்ப்பக்கம், நாளிதழை நிதானமாகப் படிக்கக்கூடிய ஆனால் 2 நொடியில் மறையும் எழுத்தைப் பிடிக்க முடியாத மூத்த பெண்கள். என் பெரியம்மா அப்படிப்பட்டவர்தான்.

முடித்த வீடியோவை அவருக்குக் காட்டினேன். எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடி உள்ளறையில் இருந்தது, எழுந்து போக மனமில்லை. பிறகு தொகுக்காத ஒலியை மட்டும், இரண்டு ஈடும் அடுத்தடுத்து வருமாறு போட்டுவிட்டு நான் காபி போடப் போனேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"டேய், ரெண்டாவது ஈடு யாரு எடுத்தா?"

"நான்தான் பெரியம்மா. நீங்க போன் பேசப் போயிட்டீங்களே."

"சத்தம் இருக்கறப்பவே எடுத்துருக்கே. அந்த டப்பாவை முதல்ல காலி பண்ணு."

டப்பாவைத் திறந்து அடியில் கிடந்த ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். ஒடியவில்லை, வளைந்தது.